ஓணம் கேட்டலாக் ஆகஸ்டில் போச்சு, பணம் நவம்பரில் வந்தது

கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறேன். தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வர வேண்டிய வேலைகள்தான் பெரும்பாலும். ஜவுளிக்கடை கேட்டலாக், மசாலா பாக்கெட் லேபிள், பள்ளி மலர் இப்படி. இரண்டு மொழியையும் பிழையில்லாமல் படித்துப் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் கோயமுத்தூர், பொள்ளாச்சியிலிருந்தும் கூப்பிடுவார்கள், திருச்சூர், கொச்சியிலிருந்தும் கூப்பிடுவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்வது நல்ல வாய்ப்புதான். ஆனால் இரண்டு பக்கத்துப் பண்டிகையும் இரண்டு பக்கத்து அவசரமும் நம் ஒரே மேஜைக்கு வந்து சேரும். 2025 ஓணம் சீசனில் அப்படி வந்து சேர்ந்ததில் நான் பட்ட பாட்டையும், ஒரு பில்லுக்காக மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்த கதையையும்தான் எழுதுகிறேன். இதையெல்லாம் முன்னாலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை நடுவில் கொச்சியில் இருக்கிற ஒரு விளம்பர ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. இரண்டு மாநிலத்திலும் கிளை வைத்திருக்கிற ஒரு ஜவுளிக்கடைக்கு 48 பக்கத்தில் ஓணம் கேட்டலாக். 64,000 ரூபாய். படம், விலைப்பட்டியல், மலையாள வாசகம் எல்லாம் ஜூலை 28-ஆம் தேதி தருகிறோம், ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றார்கள். அந்த வருடம் ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற அத்தம் ஆகஸ்ட் 26, திருவோணம் செப்டம்பர் 5. அத்தத்துக்கு முன்னால் புத்தகம் கடையில் இருந்தால்தான் பிரயோஜனம். நியாயமான கணக்குதான், சரி என்றேன். அப்போது கையில் ஏற்கெனவே இரண்டு வேலை இருந்தது. கோயமுத்தூரில் ஒரு மசாலா கம்பெனிக்கு லேபிள்கள், ஆகஸ்ட் 12-க்குள். பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்குச் சுதந்திர தின மலர், அதுவும் அதே வாரம்.

ஜூலை 28 வந்தது, படம் வரவில்லை. ஷூட்டிங் தள்ளிப்போனது என்றார்கள். பாதிப் படம் வந்தது, விலை வரவில்லை. எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தபோது ஆகஸ்ட் 7. "பிரிண்டிங் தேதியை மாற்ற முடியாதுங்க, எப்படியாவது முடித்துக் கொடுங்கள்" என்று எனக்கு வேலை கொடுத்த ஏஜென்சிப் பையன் கெஞ்சினான். அவனும் பாவம், அவனுக்கு மேலே இருப்பவர்கள் அவனை நெருக்குகிறார்கள். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை உட்கார்ந்து 13-ஆம் தேதி முதல் ப்ரூஃப் அனுப்பினேன். 15 விடுமுறை, திருத்தம் 16-ஆம் தேதி வந்தது. கடைசி பைல் போனது 19-ஆம் தேதி. பள்ளி மலரை எப்படியோ நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன். லேபிள் மட்டும் 12-க்குப் பதிலாக 22-ஆம் தேதி போனது. மசாலா கம்பெனிக்காரர் திட்டவில்லை. "சிலிண்டர் போடுகிற இடத்தில் நம்ம முறை போயிடுச்சுங்க" என்று மட்டும் சொன்னார். பிளாஸ்டிக் பவுச் அச்சடிக்கிற கிராவூர் மெஷினுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக சிலிண்டர் குடைய வேண்டும். அங்கே முறை தவறினால் திரும்ப வரிசையில்தான் நிற்க வேண்டும். அடுத்த செட் லேபிளை அவர் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,000 ரூபாய் தந்துகொண்டிருந்த இடம் அது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பிறகு ஒரு நாள் இந்த மூன்று வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடித்தது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கேட்டலாக்கில் ஒரு பக்கத்துக்கு, இரண்டு மொழியிலும் எழுத்தை உட்கார வைத்து, விலையைச் சரிபார்த்து முடிக்கச் சராசரியாக 40 நிமிடம். 48 பக்கத்துக்கு 32 மணி நேரம். முதல் திருத்தத்துக்கு 10 மணி, இரண்டாம் திருத்தத்துக்கு 6 மணி. கடைசியில் பிரஸ்ஸுக்குப் போகும் முன் எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக, கர்வ் ஆக்குவது, கூட்டெழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது, படங்கள் அச்சுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, இதற்கு 4 மணி. மொத்தம் 52 மணி. லேபிளுக்கு 25, பள்ளி மலருக்கு 15 சேர்த்தால் 92 மணி நேரம். இன்னொரு பக்கம், எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் உண்மையில் டிசைனில் கை ஓடுவது ஐந்து மணி நேரம்தான். மீதி போன், மெயில், வாட்ஸாப், இடையில் கரண்ட் போவது, சாப்பாடு. ஜூலை 28-இலிருந்து ஆகஸ்ட் 14 வரை ஞாயிறு போக 16 நாள், நாளுக்கு 5 மணி என்றால் 80 மணி. அதாவது ஏஜென்சி சொன்ன தேதிக்கே எல்லாவற்றையும் தந்திருந்தால்கூட 12 மணி நேரம் பற்றாது. 7-ஆம் தேதி தந்ததால் கேட்டலாக்குக்கு மிச்சம் இருந்தது ஏழு வேலை நாள், 35 மணி. லேபிளை ஜூலைக் கடைசியிலேயே தொட்டிருக்கலாமே என்று கேட்கலாம். தொட்டேன்தான், ஆனால் கேட்டலாக் வரும் வரும் என்று ஒவ்வொரு நாளும் இடம் விட்டு வைத்ததில் பாதி நேரம் அப்படியே கரைந்தது.

அதனால்தான் இப்போது கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். மேலே 30 என்று எழுதுவேன், ஆறு நாள், நாளுக்கு ஐந்து மணி. உடனே அதில் 4 மணியை அடித்துவிடுவேன், அது பில்லுக்கும் பணம் கேட்பதற்கும். மிச்சம் 26 மணிதான் விற்பனைக்கு இருக்கிறது. புது வேலை வந்தால் மொத்தம் எத்தனை மணி என்று முதலில் கணக்குப் போட்டு, எந்தெந்த வாரத்துப் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே பென்சிலால் எழுதுகிறேன். மூன்றாவது வாரத்துப் பக்கத்தில்தான் அது முடிகிறது என்றால், வாடிக்கையாளருக்குச் சொல்லும் தேதியும் மூன்றாவது வாரம்தான். வேலை பெரிதா சின்னதா என்று மனசு சொல்வதை நம்பித் தேதி கொடுப்பதில்லை. அந்த நோட்டில் ஓணத்துக்கு உத்திராடத்திலிருந்து நான்கு நாள், பொங்கலுக்கு மூன்று நாள், ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் வருட ஆரம்பத்திலேயே அடித்து வைத்துவிடுகிறேன். சுவரில் தமிழ் காலண்டரும் மலையாள காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன, இரண்டையும் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். ஹர்த்தால் மட்டும் முன்கூட்டித் தெரியாது. கோயமுத்தூர்காரர்களுக்கு அது புரியவும் புரியாது, அன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டுவிட வேண்டும்.

தேதி சொல்கிற விதத்தையும் மாற்றிக்கொண்டேன். "ஆகஸ்ட் 14" என்று ஒரு தேதியை மட்டும் ஒப்புக்கொண்டால், அவர்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. எல்லாம் முழுசாகக் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிற மாதிரி எழுத வேண்டும். நான் இப்போது அனுப்புகிற மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "படம், விலைப்பட்டியல், வாசகம் மூன்றும் முழுசாக வந்த நாளிலிருந்து 12 வேலை நாளில் முதல் ப்ரூஃப் தருகிறேன். திருத்தம் முழுவதையும் ஒரே பைலாக அனுப்பினால் 3 வேலை நாளில் அடுத்த ப்ரூஃப். இரண்டு சுற்றுத் திருத்தம் இந்தத் தொகையில் சேரும். ஆகஸ்ட் 14 பிரஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் ஜூலை 21-க்குள் எல்லாம் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் தேதியைச் சேர்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம்." கடைசி வரிக்கு முந்தின வரிதான் முக்கியம். அவர்களுக்கும் ஒரு தேதி இருக்கிறது என்று அதில்தான் தெரியும். 21-ஆம் தேதி காலையில் "இன்னும் விலைப்பட்டியல் வரவில்லைங்க, நாளையிலிருந்து முடிக்கும் தேதியும் ஒவ்வொரு நாளாகத் தள்ளும்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால், பின்னால் சண்டை இல்லை. தேதி நெருங்கின பிறகு இதைச் சொன்னால் சாக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

ப்ரூஃப் அவர்கள் கையில் இருக்கிற நாட்களையும் நோட்டில் தனியாக எழுத வேண்டும். நான் அனுப்பிய தேதி ஒரு கட்டம், திருத்தம் திரும்பி வந்த தேதி பக்கத்துக் கட்டம். கேட்டலாக் வேலையில் 13-ஆம் தேதி மதியத்திலிருந்து 16-ஆம் தேதி வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் 19-ஆம் தேதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது நான் ஐந்து நாள் தாமதம் என்பது மட்டும்தான். அந்த இரண்டு கட்டமும் அன்றைக்கு இருந்திருந்தால் அமைதியாக எடுத்துக் காட்டியிருப்பேன்.

வேலைக் கதை இவ்வளவுதான். பணக் கதை இதைவிட வலித்தது. 22-ஆம் தேதி லேபிள் பைல் போன பிறகு இரண்டு நாள் உடம்பு அசந்து படுத்துவிட்டேன். கழுத்து வலி வேறு. 27-ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி. 28-ஆம் தேதி உட்கார்ந்து பில் போட்டு, வேலை கொடுத்த பையனுக்கு மெயில் செய்தேன். முப்பது நாளில் பணம் என்று பேச்சு, செப்டம்பர் கடைசியில் வந்துவிடும் என்று நினைத்தேன். லேப்டாப் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தது. செப்டம்பர் 24-ஆம் தேதி, எந்தத் தேதி வரும் என்று கேட்க நேராக அக்கவுண்ட்ஸுக்கே போன் செய்தேன். எடுத்த சேச்சி பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, "மோளே, இதில் பி.ஓ. நம்பர் இல்லல்லோ" என்றார். பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர். எனக்கு யாரும் தரவில்லை, நானும் அப்படி ஒன்று இருக்கிறது என்று அறியவில்லை. அதோடு பில்லில் ஏஜென்சியின் பெயர்ப்பலகையில் இருக்கிற பெயரை எழுதியிருந்தேன். ஜிஎஸ்டி பதிவில் இருக்கிற பிரைவேட் லிமிடெட் பெயர் வேறு. பில் ஓணம் முடிந்த பிறகுதான் அக்கவுண்ட்ஸுக்கே போயிருக்கிறது. அவர்கள் திருப்பி அனுப்பிய பதில் அந்தப் பையனுக்குப் போய், அவனுடைய நூற்றுக்கணக்கான மெயிலுக்குள் கிடந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு கட்-ஆஃப் என்ற விஷயம் தெரிந்தது. அந்த ஆபீஸில் மாதம் 25-ஆம் தேதிக்குள் சரியான பில் அக்கவுண்ட்ஸில் இருந்தால் அந்த மாதக் கணக்கில் சேரும், அங்கிருந்து முப்பது நாள் எண்ணி அடுத்த மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம் போடுவார்கள். 26-ஆம் தேதி வந்தால் அடுத்த மாதக் கணக்கு. பி.ஓ.வில் கையெழுத்துப் போடுகிறவர் வெளியூரில் இருந்ததால் நம்பர் கிடைத்து நான் திருத்திய பில்லை அனுப்பியது செப்டம்பர் 29. 25-ஆம் தேதி தாண்டிவிட்டது. ஆக, அக்டோபர் கணக்கில் சேர்ந்து, நவம்பர் 28-ஆம் தேதி பணம் வந்தது. 64,000-இல் வருமான வரிக்காக 10 சதவீதம் டிடிஎஸ் 6,400 பிடித்துக்கொண்டு 57,600. வேலை முடிந்து 101 நாள். ஆகஸ்ட் 25-க்குள் பி.ஓ. நம்பரோடு பில் அங்கே இருந்திருந்தால் இதே பணம் செப்டம்பர் கடைசியில் வந்திருக்கும். மூன்று நாள் இடைவெளியும் ஒரு நம்பரும் சேர்ந்து இரண்டு மாதத்தை விழுங்கின. அந்த இடைவெளியில் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து 40,000 எடுத்தோம். வட்டி பெரிய தொகை இல்லை. ஆனால் வேலை செய்து கொடுத்த பணம் ஒரு ஆபீஸில் கிடக்க, நான் சிட்டூரில் அடகுக் கவுண்டர் முன்னால் நின்றபோது வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை.

யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். வேலை கொடுக்கிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் வேறொருவர். பெரிய ஆபீஸில் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே அபூர்வம். "நான் அனுப்பிட்டேன்" என்று வேலை கொடுத்தவர் சொன்னால் அது அவர் கையை விட்டுப் போயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் அன்றைக்கே, இன்னும் ஒரு பக்கம்கூடத் திறக்காதபோதே, சில விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். பில் யார் பெயரில், ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடி பெயரும் முகவரியும் என்ன. பி.ஓ. நம்பர் உண்டா, எப்போது கிடைக்கும். பில்லை எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும், அக்கவுண்ட்ஸில் யாரிடம் பேச வேண்டும். மாதத்தில் எந்தத் தேதி கட்-ஆஃப். முப்பது நாள் என்றால் பில் தேதியிலிருந்தா, அவர்கள் ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்தா. ஆரம்பத்தில் கேட்டால் இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். சில இடங்களில் புது ஆள் என்றால் பான் கார்டு நகல், ரத்து செய்த செக் வாங்கி வெண்டராகச் சேர்க்கவே இரண்டு வாரம் ஆகும். அதையும் வேலை நடக்கும்போதே முடித்துவிடலாம்.

பில்லை இப்போது வேலை முடியும் முன்பே அடித்து வைத்துவிடுகிறேன். தேதி மட்டும் காலி. கடைசி பைல் அனுப்புகிற அதே மணி நேரத்தில் பில்லும் அக்கவுண்ட்ஸ் மெயிலுக்குப் போகும், வேலை கொடுத்தவருக்கு ஒரு நகல். உடம்பு அசதி, அடுத்த வேலை, பண்டிகை எதுவும் நடுவில் வரக் கூடாது. பெரிய வேலையென்றால் பில்லை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன், பாதி முதல் ப்ரூஃபோடு, பாதி கடைசி பைலோடு. ஏஜென்சிகள் அட்வான்ஸ் என்றால் முகம் சுளிப்பார்கள். ஆனால் "முதல் ப்ரூஃபுக்கு முதல் பில்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கேட்டலாக்கை அப்படிச் செய்திருந்தால் 13-ஆம் தேதியே 32,000-க்கு ஒரு பில் போயிருக்கும். பி.ஓ. நம்பர் இல்லாத சிக்கலும் 25-க்கு முன்னாலேயே வெளியே வந்திருக்கும். சின்ன முதல் பில்லால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான், ஆபீஸின் வழி எங்கே அடைத்திருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

நோட்டில் அடித்து வைக்கிற அந்த 4 மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய் காலையில் இரண்டு மணி, வெள்ளி காலையில் இரண்டு மணி. அந்த நேரத்தில் டிசைன் பைலைத் திறப்பதில்லை. பில் அடிப்பது, அனுப்பினது கிடைத்ததா என்று கேட்பது, வந்த பணத்தைப் பதிவது, அவ்வளவுதான். கூச்சம்தான் பெரிய தடையாக இருந்தது. பணம் கேட்டால் அடுத்த வேலை தர மாட்டார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு வழி, முதல் போன் பணம் கேட்கிற போனாக இல்லாமல் இருப்பது. பில் போன அடுத்த செவ்வாயோ வெள்ளியோ, "சேச்சி, பில் கிடைச்சுதா, எல்லாம் சரியா இருக்கா, ஏதாவது மாத்தணுமா" என்று கேட்கிறேன். இதில் யாருக்கும் மனக்கசப்பு வராது, தப்பு இருந்தால் கட்-ஆஃபுக்கு முன்னால் தெரிந்துவிடும். பணம் வர வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்னால் "இந்த மாத லிஸ்டில் என் பில் இருக்கா" என்று ஒரு மெசேஜ். தேதி தாண்டினால் மறுநாளே போன், பிறகு பில் நம்பர், தேதி, தொகை, பி.ஓ. நம்பர் நான்கையும் எழுதி ஒரு மெயில். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நோட்டில் பில் நம்பருக்குக் கீழே குறித்துவிடுவேன். அடுத்த முறை பேசும்போது "12-ஆம் தேதி நீங்கள் சொன்னீர்களே" என்று ஆரம்பிக்க முடிகிறது.

எந்த நாளில் கூப்பிடுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தச் சேச்சிதான். மாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தேதிகளுக்கு முந்தின இரண்டு நாளும் அக்கவுண்ட்ஸ்காரர்கள் தலையைத் தூக்க மாட்டார்கள், கூப்பிட்டால் எரிச்சல்தான். 12-இலிருந்து 17 வரை, பிறகு 21-இலிருந்து கட்-ஆஃப் வரை நிம்மதியாகப் பேசுவார்கள். செவ்வாய், வெள்ளி அந்த நெருக்கடி நாட்களில் விழுந்தால் பில் அடிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டு போனை அடுத்த முறைக்குத் தள்ளிவிடுகிறேன்.

எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில், "நீங்கள் கேரளா, வெளிமாநிலம், அதனால் ஜிஎஸ்டி நம்பர் கட்டாயம் வேண்டும்" என்று பில்லை நிறுத்தி வைத்தார்கள். பொருள் விற்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் பொருந்தும். சேவை செய்கிறவர்களுக்கு, வருடத்துக்கு மொத்த வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால், வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரிலிருந்தே இப்படித்தான். "20 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவு செய்யவில்லை, வரி வசூலிக்கவில்லை" என்று ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், முதல் பில்லோடு அதையும் சேர்த்து அனுப்பிவிடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் வராத இடங்களுக்கு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உதவும். udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகப் பதியலாம், காசு கேட்கிற வேறு தளங்களுக்குப் போக வேண்டாம். பதிவு செய்த சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை நாம் இருக்கிற மாநிலத்தில் இந்தச் சட்டப்படி உள்ள கவுன்சிலிலேயே கொடுக்கலாம், வாங்கியவர் கோயமுத்தூராக இருந்தாலும் நான் கேரளத்தில் கொடுத்தால் போதும். ஆனால் வேலை செய்து பில் போடுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், பின்னால் பதிந்தால் பழைய பில்லுக்குச் செல்லாது. கேட்டலாக் சமயத்தில் என்னிடம் அது இல்லை, அதனால் 101 நாளுக்கும் எதுவும் கேட்க முடியவில்லை. இப்போது பில்லின் கீழே உத்யம் நம்பர் ஒரு வரியாக இருக்கிறது. புகார் இதுவரை கொடுத்ததில்லை. தாமதமாகி மார்ச் 31 வரை தராத தொகையை அந்த வருடச் செலவாகக் கம்பெனி காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024-இலிருந்து இருப்பதால், அந்த நம்பரைப் பார்த்தாலே மார்ச் மாதத்தில் பில்லைத் தேடி எடுத்துப் பணம் போடுகிறார்கள்.

டிடிஎஸ்ஸில் போன 6,400-ஐயும் விட்டுவிடக் கூடாது, அதுவும் நம் பணம்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பிடித்ததற்கு அவர்கள் ஜனவரி 31-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதன் பிறகுதான் வருமான வரித் தளத்தில் 26AS என்ற வரிக் கணக்கில் நம் பெயரில் ஏறும். பிப்ரவரி இரண்டாவது செவ்வாய்க்கு நோட்டில் "6,400 ஏறியிருக்கா" என்று எழுதி வைத்திருந்தேன். பார்த்தபோது ஏறவில்லை. சேச்சிக்குப் போன் செய்தேன். என் பான் நம்பரில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. திருத்தத் தாக்கல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், மார்ச் முதல் வெள்ளிக்கு அதே வரியை மறுபடியும் எழுதியிருக்கிறேன்.